மூன்றாம் கம்பத்துக்கு அப்பால் இருட்டு

"எங்கள் கிடங்கின் வளாக விளக்குகள் நடுஇரவில் தாமாக அணைகின்றன. ஃபோட்டோசெல்லை மாற்றியும் பயனில்லை. வேறு எங்கே பார்ப்பது?"

சிங்கப்பூரின் துவாஸில் நான் மின்பணிக்குச் சென்ற ஒரு வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஆறு கம்பங்களில் இருந்த சோடியம் விளக்குகள் அனைத்தையும், வெளிச்சத்தை உணர்ந்து விளக்கை ஏற்றி அணைக்கும் ஒரே ஃபோட்டோசெல் இயக்கியது. அதை இரண்டு முறை மாற்றியும் குறை தீராததால், இரவுக் காவலர் தம் பதிவேட்டில் விளக்கு அணைந்த நேரத்தையும், எவை அணைந்தன என்பதையும் எழுதத் தொடங்கினார். ஓர் இரவின் பக்கத்தில் 1.10, 2.40, 4.05 என்று இருந்தது; ஒவ்வொரு முறையும் நான்காம், ஐந்தாம், ஆறாம் கம்பங்கள் மட்டுமே இருண்டிருந்தன.

வாயில் பதிவோடு ஒப்பிட்டபோது, அந்த நேரங்களில் எல்லாம் கொள்கலன் லாரி ஒன்று மூன்றாம் கம்பத்தருகே வடிகாலின் இரும்பு மூடி மேல் ஏறிச் சென்றது தெரிந்தது. சோடியம் விளக்கு ஒரு கணம் மின்சாரம் இழந்தாலும் சற்று ஆறிய பிறகே மீண்டும் எரியும் என்பதால், லாரி போன பின்னும் சில நிமிடம் இருட்டு நீடித்தது. அதனால்தான் இரண்டையும் எவரும் தொடர்புபடுத்தவில்லை. மறுநாள் இரவு காவலர் அந்தக் கம்பத்தடியில் நின்று காத்திருந்தார். லாரி ஏறியதும் இணைப்புப் பெட்டிக்குள் 'சடசட' என்று பொறி வெடிக்கும் ஓசை கேட்டது.

"ஃபோட்டோசெல்தான் கெட்டிருக்கும். மலிவான பொருள், மூன்றாவது முறையும் மாற்றிப் பார்த்திருக்கலாமே?"

ஆறும் ஒன்றாக அணைந்திருந்தால் உங்கள் ஊகத்துக்கு இடமுண்டு. முதல் மூன்றும் எரிந்துகொண்டிருக்கையில் ஃபோட்டோசெல்லைக் குறைகூற முடியாது.

"என் வீட்டு வாசல் விளக்கும் இப்படித்தான், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எரிகிறது. தளர்ந்த கம்பிதானே?"

உங்களுடையது வேறு. இவ்வளவு சீரான இடைவெளி இருந்தால், விளக்கின் ஒளியே ஃபோட்டோசெல் மீது விழுந்து, அது பகல் என்று எண்ணி அணைக்கிறது என்றே சந்தேகிப்பேன். முதலில் அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தளர்ந்த இணைப்பு நேரம் பார்த்து வேலை செய்யாது.

"காவலரே திருகாணியை முறுக்கிவிட்டிருக்கலாம் அல்லவா?"

கூடாது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. அவர் பெட்டியைத் தொடாமல் காலையில் எங்களை அழைத்தார். அது மிகச் சரியான முடிவு. மின்பெட்டியில் இணைப்பைத் துண்டித்துச் சோதித்த பிறகே திறந்தோம். நான்காம் கம்பத்துக்கும் அதற்கு அடுத்தவற்றுக்கும் செல்லும் நீல நியூட்ரல் கம்பி, விரலால் தொட்டதுமே அசைந்தது. அதன் உறை பழுப்பேறி, செம்பு முனை கருத்திருந்தது. கருகிய முனையை அப்படியே முறுக்கினால் மீண்டும் சூடேறும் என்பதால், அதை வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியுமாறு சீவி, புதிய இணைப்பியில் இறுக்கினோம்.

"அது ஏன் தளர்ந்தது?"

தொடக்கத்திலேயே சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். லாரிகளின் அதிர்வு தளர்த்தியிருக்கலாம். கருகிய முனையைப் பார்த்து என்னால் முடிவு கூற இயலவில்லை. மற்ற ஐந்து பெட்டிகளையும் அன்றே திறந்து இறுக்கிப் பார்த்தோம். ஐந்தாம் கம்பத்தில் இன்னொரு திருகாணி கால் சுற்று நகர்ந்தது.