கடைசி மெய்ப்பில் பெயரும் வயதும் காலமும்: புயல் இரவிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: என் நாவல் கடைசி மெய்ப்புக்கு வந்துவிட்டது. மூன்று தலைமுறைக் கதை. பாத்திரங்களின் பெயர், வயது, வருடக் கணக்கெல்லாம் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலிலிருந்து இன்னொரு முறை படிப்பது தவிர வழி உண்டா?

படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், கணக்கு கண்ணில் படாது. நான் பாம்பன்காரன், மெய்ப்பு பார்ப்பது பக்கத் தொழில். போன வருஷம் ஒரு நண்பரின் நாவலில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அவருடைய நாவலில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயர் ஆரம்பத்தில் அருளப்பன். பிறகு அருளானந்தம் என்று மாற்றியிருக்கிறார். கணினியில் ஒரே தட்டில் மாற்றியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் பதினேழாம் அத்தியாயத்தில் 'அருளப்பனுக்கு' வலை கொண்டுபோகிறார்கள். தேடலில் 'அருளப்பன்' என்று கொடுத்தால் ன் புள்ளியோடு தேடும். வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறது. அருளப்பனை, அருளப்பனோட எல்லாம் தப்பித்துவிடும். 'அருளப்ப' என்று புள்ளிக்கு முன்பே நிறுத்தித் தேடினால் எல்லாம் சிக்கும். அவற்றை மொத்தமாக மாற்றக் கூடாது, 'அருளானந்தனுக்கு' என்று புது ஆள் பிறப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்து 'அருளானந்தத்துக்கு' என்று திருத்த வேண்டும். இந்தத் தேடலை வேர்ட் கோப்பில் செய்து, பக்கத்தைக் குறித்துக்கொண்டு மெய்ப்பில் திருத்துங்கள். பிடிஎஃப்பில் தமிழ்த் தேடலை நம்ப முடியாது. ெ, ே, ை வரும் சொற்களைப் பல நேரம் அது கண்டுபிடிக்காது.

பேச்சில் பெயர் மாறுவது பிழையல்ல. சவரியம்மாளை மாமியார் 'சவரி' என்பாள், புருஷன் பெயரே சொல்லமாட்டான். கதைசொல்லியின் குரலில் மட்டும் ஒரே வடிவம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வயதுதான் பெரிய வேலை. கதைக்குள் நகர்த்த முடியாத தேதி ஒன்றைப் பிடித்து, எல்லாரையும் அதில் கட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கதைகளுக்கு அது 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவு. நண்பரின் கதையில் அன்று சவரியம்மாள் எட்டு மாதக் கர்ப்பிணி. அப்படியானால் மகள் பிறப்பது 1965 தை, மாசியில். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அந்தக் காட்சியில் மகளுக்கு 'இருபத்தாறு வயசு' என்று இருந்தது. கணக்குப்படி இருபத்துமூன்று.

எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தால் மாட்டிக்கொள்வோம். அதே பக்கத்தில் 'கல்யாணமாகி எட்டு வருஷம்' என்று இருக்கிறது. இப்போது பதினைந்து வயதில் கல்யாணம் என்றாகிவிடும். மடியில் ஏழு வயதுப் பையன், ரெண்டாங் கிளாஸ். விசாரித்தால், பழைய படியில் மகள் 1962இல் பிறந்தவள். எல்லாம் பொருந்தியிருந்தது. பிரசவத்தைப் புயலோடு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மூன்று வருஷம் தள்ளியிருக்கிறார், பின்பகுதியைத் தொடவில்லை. பதினெட்டில் கல்யாணம் என்பதை வைத்துக்கொண்டு எட்டை ஐந்தாக்கினோம், பையனுக்கு நாலு வயசு, ரெண்டாங் கிளாஸ் பால்வாடியானது. எல்லாமே ஓரிரு சொல் மாற்றம்தான். வரி ஓடிப் பக்கம் குலையவில்லை. கடைசி மெய்ப்பில் அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

இப்படி மாட்டும் இடங்களைப் பிடிக்க 'வயச', 'வயத', 'வருஷ', 'மாச' என்று தேடி, வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பக்கம், ஆள், சொன்ன வயது, அதிலிருந்து கிடைக்கும் பிறந்த வருஷம். ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த வருஷம் வந்தால் அங்கே நில்லுங்கள். 'தலைப்பிள்ளை பிறந்த வருஷம்', காற்றுக் காலத்தை வைத்துச் சொல்லும் 'போன கச்சான்ல' போன்றவற்றில் எண் கிடையாது, அவற்றுக்குக் கண்தான் வேண்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டேன். அதே பாலக் காட்சியில் பாட்டி, 'இவளுக்கு இருபத்துநாலு நடக்குது' என்பாள். நம் ஊர்க் கிழவிகள் நடப்பு வயதைத்தான் சொல்வார்கள். அவள் கணக்கு சரி.

புயல் இரவை 'அமாவாசை இருட்டு' என்று எழுதியிருந்தார். அந்த டிசம்பர் 19இல் முழு நிலவு, சந்திர கிரகணம் வேறு. மூன்றாம் நாள் அமாவாசை எங்கிருந்து வரும்? நண்பர் அரை மணி நேரம் சண்டை போட்டார். 'மேகம் மூடிய இருட்டு' என்றால் வரி நீளும் என்று கடைசியில் 'மேக இருட்டு' என்று வைத்தோம்.