படத்தின் கடைசி வரி

கேள்வி: என் தங்கை நேற்று முன்தினம் இரவு 9.12 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அவளும் தம்பியும் பேசியதில் ஒரு துண்டு. மேலே, பாதி வெட்டுப்பட்ட ஒரு பச்சைக் கட்டத்தில், "போன தடவையும் நான்தான்" என்று தெரிகிறது. அதற்குக் கீழே தம்பி: "20-ஆம் தேதி என்னால் வர முடியாது. வேலை இருக்கிறது" (7.42). அவள்: "சரி" (7.43). தம்பி: "அக்காவிடம் கேட்டாயா?" (9.10). அவ்வளவுதான். அடுத்த மாதம் 20-ஆம் தேதி அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படத்துடன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் கட்டைவிரல் அடையாளம் போட்டேன். அதன்பிறகு அவள் பேசவே இல்லை. அவளுக்கு என்னதான் வேண்டும்? தம்பியை நான் கண்டிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாளா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அந்தப் படம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். உங்களைப் பற்றிய ஒரு கேள்வியில் முடிகிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் தங்கை சொன்ன பதில் படத்தில் இல்லை. தம்பி கேட்ட இரண்டாவது நிமிடம் படம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் திரையைப் படம் பிடித்து, வேண்டாததை வெட்டி, உங்கள் பெயரைத் தேடி அனுப்பியும் விட்டாள்.

தம்பி மீது புகார் சொல்வதுதான் நோக்கம் என்றால் 7.42-க்கே அனுப்பியிருக்கலாம். அவர் வர முடியாது என்று சொன்ன பிறகு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அவள் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சில் நீங்கள் வந்த பிறகுதான் படம் கிளம்பியது. எனவே தம்பி கேட்டதை அப்படியே உங்களிடம் நீட்டுகிறாள் என்றுதான் நான் படிக்கிறேன். "20-ஆம் தேதி நீ அம்மாவுடன் போகிறாயா?" என்ற கேள்வியைத் தன் வாயால் கேட்காமல் தம்பியின் வாயால் கேட்டிருக்கிறாள்.

சொற்கள் இல்லாமல் வரும் படத்தில் கடைசியாக நிற்கும் செய்தி யாருடையது, அதற்குப் பதில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இதே படத்தை ஒரு வரி மேலே, அவளுடைய "சரி"யோடு நிறுத்தியிருந்தால் அது வேறு கடிதம். "பார், நான் இதையும் விழுங்கிக்கொண்டேன்" என்று அதற்குப் பொருள். அப்போது அவளுக்கு வேண்டியது ஆறுதல். இப்போது வந்திருப்பதோ பதில் சொல்லப்படாத ஒரு கேள்வி. அதற்கு ஆறுதல் சொன்னால் பொருந்தாது.

ஏன் நேரடியாகக் கேட்கவில்லை? அந்தப் பாதி வெட்டுப்பட்ட வரியைத் திரும்பப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வலப்பக்கம் பச்சையாக இருப்பவை அந்தத் தொலைபேசிக்கு உரியவரின் செய்திகள். எதிரில் பேசுபவருடையவை இடப்பக்கம் இருக்கும். ஆக, "போன தடவையும் நான்தான்" என்று எழுதியவள் உங்கள் தங்கை. போன முறை அழைத்துப் போனவள் அவள். தம்பியிடம் அதைச் சொல்லியும் பார்த்துவிட்டாள், பலன் இல்லை. ஒரே நாளில் இரண்டாவது ஆளிடமும் கேட்டு, அங்கேயும் "முடியாது" என்று கேட்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? படத்தை அனுப்பினால் அவள் கேட்டதாகவும் ஆகாது, நீங்கள் மறுத்ததாகவும் ஆகாது. கேட்டு ஓய்ந்தவர்கள் செய்கிற காரியம் இது. இதைத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் கட்டைவிரல் போய் விழுந்திருக்கிறது. நீங்கள் "பார்த்துவிட்டேன்" என்ற பொருளில் போட்டிருப்பீர்கள். "நான் போகிறேன்" என்றும் அதைப் படிக்கலாம், "சரி, உங்கள் இருவர் பாடு" என்றும் படிக்கலாம். அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்தால், இரண்டாவதாகப் படித்திருப்பாள் என்றே தோன்றுகிறது.

என் வாசிப்புக்கும் எல்லை உண்டு. பாதி எழுத்தோடு நிற்கும் அந்த மேல்வரி, நீங்கள் பார்க்க வேண்டும் என்று விடப்பட்டதா, அவசரத்தில் வெட்டியதில் மிஞ்சியதா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டே நிமிடத்தில் நடந்தது என்பதால் அவசரம் என்றே நினைக்கிறேன். அதற்கும் மேலே என்ன இருந்தது என்பதும் தெரியாது. அவளுடைய "சரி"க்குப் பக்கத்தில் உள்ள குறிகள் நீலமாக இருந்தால் தம்பி படித்துவிட்டார் என்று பொருள். சாம்பல் நிறமாக இருந்தால் அவர் படிக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்திருப்பவர்கள் படித்தாலும் நிறம் மாறாது. தெரியாத பகுதியைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். தம்பி அங்கே என்னென்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கத் தொடங்கினால் உங்களுக்குத்தான் உறக்கம் போகும்.

எனக்கே இப்படி ஒரு தவறு நேர்ந்தது. ஒரு தோழி தன் வீட்டு உரிமையாளருடன் பேசியதில் ஒரே ஒரு செய்தியை மட்டும் வெட்டி அனுப்பினாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் செய்தி அது. நான் பதறிப்போய், அந்த மனிதரைக் கண்டித்து நீளமாக எழுதினேன். அவளுக்கு வேண்டியிருந்தது, அதில் இருந்த தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று சேர்ந்து எண்ணிப் பார்க்க ஒரு ஆள். வீடு மாறுவது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து, நான் புரிந்துகொண்டதைச் சொல்லி, அது சரியா என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுகிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், எழுத்தில் அது அதட்டலாக ஒலிக்கும். "முழுவதையும் அனுப்பு" என்றும் கேட்காதீர்கள். அவள் எதையோ மறைத்தாள் என்று சொல்வதுபோல ஆகிவிடும். இப்படி எழுதலாம்: "அன்று படத்தைச் சரியாகப் பார்க்காமல் கட்டைவிரல் போட்டுவிட்டேன். 20-ஆம் தேதி அம்மாவுடன் நான் போக முடியுமா என்று கேட்கிறாயா? போகிறேன். நீ சொல்ல வந்தது வேறு என்றால் சொல்." உங்களால் முடியாது என்றால் "போகிறேன்" என்பதற்குப் பதிலாக முடிகிற ஒரு நாளைச் சொல்லி, மருத்துவரிடம் தேதியை மாற்றிக் கேட்பதாகவும் எழுதுங்கள். கண் பரிசோதனையில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் இந்தக் கேள்வி அந்தரத்தில் நிற்கக் கூடாது.

தம்பியிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தான் எழுதியது உங்களிடம் வந்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாட்ஸ்அப்பில் உரையாடலைப் படம் பிடித்தால் எதிரில் இருப்பவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. அவருடைய சொற்களையே எடுத்து அவரைக் கண்டித்தால், தங்கை உங்களை நம்பிக் காட்டியது அவளுக்கே வினையாக முடியும். அவரிடம் பேசத்தான் வேண்டும் என்றால், 20-ஆம் தேதிக்குப் பிறகு, அடுத்த முறை யாருடைய முறை என்று மூவரும் சேர்ந்து பேசுங்கள்.

ஒருவேளை அவள் "ஒன்றுமில்லை, சும்மாதான் அனுப்பினேன்" என்று பதில் எழுதலாம். அதோடு விட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, "சரி, 20-ஆம் தேதி அம்மாவுடன் யார் போவது?" என்று கேளுங்கள்.