74 சதவீதம் உங்களிடம், சாவி யாரிடம்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நண்டு பதப்படுத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். குடும்பத்துக்கு 74 சதவீதம், மும்பை பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுக்கு 26. கம்பெனி யார் கட்டுப்பாட்டில் என்று பேங்க் கேட்கிறது. ஃபண்டில் பணம் போட்ட எல்லார் பெயரும் வேண்டும், காசு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் தம்பி பெயரில் பங்கு இருந்தால் பணமும் அவருடையது, ஓட்டும் அவருடையது. ஃபண்டில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். பணம் போட்டவர்களுக்கு உங்கள் கம்பெனியில் ஓட்டு கிடையாது. எப்படி ஓட்டுப் போடுவது என்று முடிவெடுப்பவர் ஃபண்டின் முதலீட்டு மேலாளர். தேட வேண்டியது அவரையும் அந்த மேலாளர் நிறுவனத்தை நடத்துபவர்களையும்தான்.

சரி, 26 என்ன செய்யும்? சிறப்புத் தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். உங்கள் 74 முழுவதும் விழுந்தாலும் ஃபண்ட் எதிர்த்தால் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸைத் திருத்த முடியாது. ஆனால் இது தடுக்கும் பலம் மட்டுமே. 26 சதவீதம் வைத்திருக்கும் மச்சானுக்கும் இது உண்டு.

நடத்தும் பலம் பங்குப் பதிவேட்டில் தெரியாது. ஆர்ட்டிகிள்ஸையும் பங்குதாரர் ஒப்பந்தத்தையும் திறந்து, ஃபண்டின் முன் ஒப்புதல் தேவைப்படும் விஷயங்களின் பட்டியலைப் பாருங்கள். புதுப் பங்கு வெளியிட, கம்பெனியை விற்க சம்மதம் வேண்டும் என்றால் அது போட்ட பணத்துக்குக் காவல். போர்டில் பெரும்பான்மை இயக்குநர்களை அவர்களே நியமிக்கலாம் என்றிருந்தால், பங்கு எவ்வளவு இருந்தாலும் கட்டுப்பாடு அவர்களுடையது. கம்பெனிச் சட்டத்தின் 2(27) பிரிவு ஒப்பந்தத்தால் வரும் உரிமையையும் கணக்கில் எடுக்கிறது. பட்ஜெட், எம்.டி. நியமனம் என்று பட்டியல் நீண்டால் அங்கேயும் விழித்துக்கொள்ளுங்கள். படகு உங்கள் பெயரில், மீனுக்கு விலை சொல்வது முன்பணம் கொடுத்த வியாபாரி என்ற கதையாகிவிடும். “மைனாரிட்டி பங்குதானே, கையெழுத்துப் போடுங்கள்” என்று அவசரப்படுத்தும் இடைத்தரகருக்கு டீல் முடிந்தால்தான் கமிஷன், அதை மறக்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதிலும் ஏமாற்றுகிறார்கள். 10 சதவீதம் முதல் உண்மையான பயனாளியைத் தேடிச் சொல்லும் 90-ம் பிரிவுக் கடமை, செபியில் பதிவான ஃபண்ட் வைத்திருக்கும் பங்குக்குப் பொருந்தாது. ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயர் அந்த ஃபண்டின் பெயர்தானா? நடுவில் மொரீஷியஸ் கம்பெனி ஒன்று பங்கை வைத்திருந்தால், “செபி ஃபண்ட்தான் சார்” என்ற வாய்வார்த்தை போதாது. அந்தக் கம்பெனிக்கு, பின்னால் இருக்கும் உண்மையான பயனாளி யார் என்று கேட்கும் BEN-4 நோட்டீஸ் அனுப்புங்கள். செபி இணையதளத்தில் பதிவு எண்ணை நீங்களே பார்க்கலாம், காசில்லை.

இந்த விலக்கு கம்பெனிப் பதிவாளருக்கான தாக்கலுக்கு மட்டும். பேங்கின் விதி தனி. அவர்கள் படிவத்தில் பெயர், சதவீதம் என்று இரண்டே கட்டம் இருக்கலாம். அப்படியானால், ஒப்பந்தத்தால் வரும் கட்டுப்பாட்டை எங்கே எழுதுவது என்று எந்த மகராசனும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். தனித்தாளில் எழுதி, அந்த ஒப்புதல் பட்டியல் உள்ள பக்கங்களையும் மேலாளர் யார் என்று ஃபண்ட் தரும் கடிதத்தையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.