997 கையில் இருக்கிறது, ஆனாலும் பில்லில் பிடித்தம்

கேள்வி: வணக்கம் சார். ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு 240 பெட்டி அனுப்பினேன். லாரி மாலை 6:10க்குக் கிளம்பியது, 6:42க்கு ஏ.எஸ்.என்., அதாவது என்ன சரக்கு வருகிறது என்று சொல்லும் மின் முன்னறிவிப்பு, போய்விட்டது. மறுநாள் காலை 6:20க்கு லாரி அவர்கள் சரக்கு இறக்கும் டாக்கில் நின்றது. "ஏ.எஸ்.என். இல்லாமல் வந்த சரக்கு" என்று முழு பில்லிலும் 4 சதவீதம் பிடித்துவிட்டார்கள். செய்தி கிடைத்தது என்று அவர்கள் கணினி அனுப்பிய ஒப்புதலான 997 என்னிடம் இருக்கிறது. (ஏற்றும்போது 12 பெட்டி கிழிந்ததால் புதுப் பெட்டிக்கு மாற்றி லேபிள் மறுபடி அடித்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்.) வழக்குப் போடலாமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது அந்த வரியைத்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களுக்குச் சாதகமானதைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய கோப்பில் இருக்கும் 997-இன் முக்கிய வரிகள் இவை:

```
GS*FA*...*...*20240312*1855*91*X*004010~
AK1*SH*57~
AK2*856*0001~
AK5*A~
```

AK2 வரியில் உள்ள 856 என்பது உங்கள் ஏ.எஸ்.என். AK5-இல் A என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. R என்று இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் எதை ஏற்றார்கள்? செய்தி வந்து சேர்ந்தது, அதன் இலக்கண அமைப்பு சரி, அவ்வளவுதான். உள்ளே சொன்ன சரக்கும் லாரியில் வந்த சரக்கும் ஒன்றா என்பது 997-க்குத் தெரியாது.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பல நாடுகளின் மின்வணிகச் சட்டங்களுக்கு அடிப்படையான, ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரலின் மாதிரிச் சட்டம் 1996-இல் வந்தது. அதன் 14ஆம் பிரிவுப்படி, பெற்றவரிடமிருந்து ஒப்புதல் வந்துவிட்டால் செய்தி சேர்ந்தது என்று அனுமானிக்கப்படும். ஆனால் அனுப்பிய உள்ளடக்கமும் சேர்ந்த உள்ளடக்கமும் ஒன்றே என்ற அனுமானம் அதிலிருந்து வராது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எந்தப் பிரிவில், எந்தச் சொற்களில் இருக்கிறது என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். GS வரியில் 1855 என்று இருக்கிறது. அது அவர்கள் கணினி போட்ட முத்திரை. ஆனால் எந்த நேர மண்டலம் என்று அந்த வரி சொல்லாது. நாளைக்கு "எங்கள் சர்வர் வேறு மண்டலத்தில் ஓடுகிறது" என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. இதற்கு உங்கள் பக்கத்துப் பதிவேடே போதும். 856 வெளியே போனது 18:42, 997 உள்ளே வந்தது 18:58 என்று உங்கள் லாக் காட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் கணினி உங்கள் செய்தியைப் பெற்றிருக்க முடியும். அவர்கள் கடிகாரம் என்ன காட்டினாலும் அது மாறாது. டாக்கின் வாசல் பதிவு மறுநாள் காலை. லாரிக்கு முன்பே ஏ.எஸ்.என். போய்விட்டது.

அப்படியானால் டாக்கில் ஏன் "இல்லை" என்று காட்டியது? அவர்கள் மின்னஞ்சலிலேயே விடை இருக்கிறது. வந்த செய்திகளை மொத்தமாக ஏற்ற இரவு ஓடவேண்டிய பேட்ச் வேலை நின்றுபோய், காலை 9:30க்குத்தான் ஏ.எஸ்.என். கிடங்கு மென்பொருளுக்குள் ஏறியிருக்கிறது. டாக்கில் இருந்தவர் பார்த்த திரையில் அது இல்லாததில் வியப்பில்லை. மாதிரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பெறுநர் குறிப்பிட்டுக் கொடுத்த கணினி அமைப்புக்குள் செய்தி நுழையும் கணத்தையே பெற்ற நேரமாகக் கொள்கிறது. அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குள் கோப்பு எந்த அறையில் தூங்கியது என்பது உங்கள் பொறுப்பல்ல.

இதில் ஒரு கவனம் வேண்டும். ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொன்னால் ஒப்பந்தமே நிற்கும். கணினிக்குக் கணினி ஆவணம் அனுப்புவதற்கான உங்கள் இ.டி.ஐ. ஒப்பந்தத்தில் "பெற்றது" என்ற சொல்லுக்கு விளக்கம் தேடுங்கள். "997 வழங்கப்பட்ட நேரம்" என்று இருந்தால் நல்லது. "பெறுநரின் மென்பொருளில் வெற்றிகரமாகப் பதிவான நேரம்" என்று இருந்தால் உங்கள் வாதம் மெலிகிறது. அப்போதும் அவர்கள் பேட்ச் நின்றதற்கு உங்களுக்கு அபராதமா என்று கேட்கலாம், ஆனால் அதைச் சண்டை போட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கும். சப்ளையர்களுக்கு அவர்கள் விதிகளைச் சொல்லும் வெண்டர் கையேட்டையும் பாருங்கள். ஆர்டர் போட்ட தேதியில் நடப்பில் இருந்த பதிப்பு எது என்பதுதான் முக்கியம். இன்று அவர்கள் தளத்தில் இருப்பது பின்னால் மாற்றியதாக இருக்கலாம்.

இன்னொரு கேள்வி. 997-க்குப் பிறகு 824 ஏதாவது வந்ததா? அதுதான் உள்ளடக்கப் பிழையைச் சொல்லும் செய்தி. வந்தும் யாரும் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால், எனக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வாயிலிருந்து அதைக் கேட்க நான் விரும்பவில்லை.

சரி, அந்த 12 பெட்டி. உங்கள் ஏ.எஸ்.என். பேக்கிங் முடிந்ததும் தயாரானது. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் தனி அடையாளமான 18 இலக்க எஸ்.எஸ்.சி.சி. எண் MAN வரியில் இருக்கிறது. லேபிளை மறுபடி அடித்தபோது உங்கள் மென்பொருள் பழைய எண்ணையே தரவில்லை, புது எண் கொடுத்துவிட்டது. ஆகவே அந்த 12 பெட்டியை ஸ்கேன் செய்தால் ஏ.எஸ்.என்.-இல் பொருத்தம் கிடைக்காது. 9:30க்குப் பிறகு எடுத்த அவர்கள் ஸ்கேன் அறிக்கையிலும் பொருந்தாதது சரியாக 12தான். பேட்ச் ஒழுங்காக ஓடியிருந்தாலும் இவை நின்றிருக்கும். இது உங்கள் தவறு. BSN வரியில் 05 போட்டு மாற்று ஏ.எஸ்.என். அனுப்பியிருக்கலாம். சில நிறுவனங்கள் அதை ஏற்காது, லாரி கிளம்பும் முன் அனுப்பு அல்லது அனுப்பவே வேண்டாம் என்பார்கள், கையேட்டில் பாருங்கள்.

ஆக, 228 பெட்டிக்குப் பிடித்தது தவறு என்பது என் கருத்து. 12 பெட்டிக்கு ஏதோ ஒன்று கொடுத்தாக வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பேச்சு. 4 சதவீதம் என்பது டாக்கில் கையால் எண்ணிப் பதியும் செலவின் நியாயமான முன்மதிப்பீடா, இல்லை மிரட்டலுக்கு வைத்த தண்டனையா என்று கேட்க வழி உண்டு. சில நாட்டு நீதிமன்றங்கள் தண்டனை விதியை அமல்படுத்தாது, சிலவற்றில் நீதிபதி தொகையைக் குறைக்கலாம். இதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரிது.

வழக்கு இப்போது வேண்டாம். முதலில் கையேட்டில் சொன்ன நாள் கெடுவுக்குள் அவர்கள் முறைப்படி மறுப்புப் பதியுங்கள். அந்தக் கெடு தாண்டினால் மேலே சொன்ன எதுவும் உதவாமல் போகலாம். கடிதத்தில் இப்படி எழுதலாம்: "856 உங்கள் அமைப்பில் சேர்ந்ததற்கு உங்கள் 997 இணைப்பில் உள்ளது. 12 பெட்டிகளின் எண் மாறியதை ஏற்கிறோம், அவற்றுக்கான உண்மைச் செலவைக் கணக்கிட்டுத் தாருங்கள். மீதி 228 பெட்டிக்கான பிடித்தத்தைத் திருப்பித் தரக் கோருகிறோம். இந்த அனுப்புதல் தொடர்பான பரிமாற்றப் பதிவுகளையும் ஸ்கேன் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கவும்."

இன்றே செய்யவேண்டியது ஒன்று உண்டு. திரைப்பிடிப்பு போதாது, 856, 997 இரண்டின் மூலக் கோப்புகளை முதல் வரியான ISA-விலிருந்து கடைசி வரியான IEA வரை அப்படியே எடுத்து வையுங்கள். இணையத்தில் நேரடியாகக் கோப்பு அனுப்பும் ஏ.எஸ்.2 வழியாக அனுப்பியிருந்தால் அதற்கு வந்த கையெழுத்திட்ட எம்.டி.என். ரசீதையும் சேருங்கள். அதில் அவர்கள் பெற்ற கோப்பின் டைஜஸ்ட், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீடு, இருக்கும்; உங்கள் கோப்பின் டைஜஸ்டோடு ஒத்துப்போனால், வந்தது வேறு கோப்பு என்று அவர்கள் சொல்வது கடினம். இடைத்தரகு நெட்வொர்க் மூலம் போயிருந்தால் அவர்களிடம் இன்றே பதிவு கேளுங்கள், பழையவற்றை அவர்கள் அழித்துவிடுவது வழக்கம்.