“மேட்ச் பார்த்தீர்களா?” என்று கேட்டதில் தவறே இல்லை

கேள்வி: எங்கள் பிரிவில் பார்வையற்ற ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். “நேற்று மேட்ச் பார்த்தீர்களா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரிடம் எப்படிப் பேசுவது? நாமாகப் போய் உதவலாமா?

எனக்குப் பதினொரு வயதிலிருந்து பார்வை இல்லை. நானும் மேட்ச் ‘பார்க்கிறேன்’ என்றுதான் சொல்வேன். தமிழில் ‘பார்’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? சாப்பிட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், நாளை பார்க்கலாம் என்று விடைபெறுகிறோம். இவை எதுவும் எங்களைக் குத்துவதில்லை. அந்தச் சொல் வாயில் வந்ததும் எதிரில் இருப்பவர் திணறி, மன்னிப்புக் கேட்டு, பேச்சையே பாதியில் விடுகிறாரே, அப்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. மேட்ச் பற்றியே தொடர்ந்து பேசியிருக்கலாம்.

எங்களுக்கு உண்மையிலேயே பயன்படாத சொற்கள் வேறு: ‘அங்கே’, ‘இதோ’, ‘அந்தப் பக்கம்’. கை காட்டுவது தெரியாததால் அவற்றில் எந்தத் தகவலும் இல்லை. “உங்கள் வலக்கைப் பக்கம், மேசை ஓரத்தில் தண்ணீர் இருக்கிறது” என்றால் போதும். இடது வலது சொல்லும்போது அவருடைய இடதும் வலதுமாக இருக்க வேண்டும். எதிரே நிற்பவர்கள் அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுவார்கள். “பார்த்து, பார்த்து!” என்ற எச்சரிக்கையும் அப்படித்தான். நிற்பதா, விலகுவதா, குனிவதா என்று அதில் ஒன்றும் விளங்காது. “நில்லுங்கள், முன்னால் பள்ளம்” என்று சொல்லுங்கள். ஆபத்து நேரத்தில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பேச்சைத் தொடங்கும்போது உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். “நான் யார், குரலை வைத்துச் சொல்லுங்கள்” என்ற விளையாட்டை நாங்கள் ஒரு நாளில் பலமுறை சந்திக்கிறோம். உண்மையில் அது ஒரு தேர்வு. கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காலி நாற்காலியிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுச் சுற்றியிருப்பவர்களின் மௌனத்தால் அதை உணர்ந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உதவி பற்றிக் கேட்டீர்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாற்சந்தி ஒன்றில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். நான் போகும் திசையிலேயே ஓடும் வண்டிகளின் ஓசை எனக்கு ஒரு நேர்கோடு மாதிரி. அவை புறப்படும் ஒலி கேட்டதும் அதை ஒட்டியே நடப்பேன். அதற்காகக் காத்திருந்தபோது ஒருவர் ஒன்றும் சொல்லாமல் கோல் பிடித்திருந்த என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போனார். அந்த நொடியே கோல் தரையிலிருந்து எழும்பிவிட்டது. நடைபாதையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுக்கினேன். அவர் குறுக்காக நடந்து, மறுபக்கம் சேர்த்து, “பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த மூலையில், எந்தத் திசை நோக்கி நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வராமல் இருந்திருந்தால் நான் வழி தவறியிருக்க மாட்டேன்.

அவர் “கடக்க உதவி வேண்டுமா?” என்று கேட்டிருந்தால் போதும். வேண்டும் என்றால் அடுத்த கேள்வி, “எப்படி வரட்டும்?” பெரும்பாலும் நாங்கள் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம். உங்கள் உடல் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கை வழியே தெரிந்துவிடும். எங்களைப் பின்னாலிருந்து தள்ளினால் எல்லாவற்றையும் முதலில் முட்டுவது நாங்கள். படி வந்தால் ஒரு கணம் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். நாற்காலி என்றால் அதன் முதுகில் எங்கள் கையை வைத்தால் போதும், தோளை அழுத்தி உட்கார வைக்க வேண்டாம். விடைபெறும்போது ஏதாவது ஒரு சுவரோ மேசையோ கைக்கு எட்டும் இடத்தில் விட்டு, எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கையைப் பிடிக்காமல், உங்கள் காலடி ஓசையைக் கேட்டுப் பின்தொடரவே விரும்புபவர்களும் உண்டு; ஓரளவு பார்வை உள்ளவர்களும் உண்டு. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

“வேண்டாம், நன்றி” என்று அவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளிச் சத்தமில்லாமல் பின்னாலேயே வருவதை நாங்கள் உணர்ந்துவிடுவோம், அது மனத்தைக் கலக்கும். இன்று வேண்டாம் என்றவர் நாளை கூட்ட நெரிசலில் உங்கள் கையைக் கேட்கலாம். அப்போது, “அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.