பழைய வினாத்தாளும் ஏற்காட்டுப் பேருந்தும்

கேள்வி: வகைக்கெழுச் சமன்பாடு பாடத்தில் புத்தகப் பயிற்சிகள் எல்லாம் வருகின்றன. பழைய வினாத்தாளை எடுத்தால் மட்டும் எந்த முறையில் தொடங்குவது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

நீங்களும் என்னைப் போல ஒவ்வொரு கணக்கையும் அதற்குரிய தலைப்பின் கீழேயே போட்டுப் பழகியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். 'நேரியல் சமன்பாடுகள்' என்று தலைப்பிட்ட பயிற்சியில் வகையைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தலைப்பே முடித்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது தொகையிடல் மட்டுமே. வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருப்பதில்லை. பி.எஸ்சி. படிக்கும்போது இந்தத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது, தொகையிடத் தெரியாததால் அன்று. ஒவ்வொரு முறையையும் அழகாகக் கற்பித்த எங்கள் ஆசிரியர், எந்தக் கணக்குக்கு எந்த முறை என்பதை ஒரு நாளும் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அன்று என்னைக் கவிழ்த்த கணக்கு இது:

(x + 2y³) dy/dx = y

x, y இரண்டும் கலந்து நிற்பதைக் கண்டதும் சமபடித்தானது என்று முடிவுகட்டி, y = vx எனப் பிரதியிட்டேன். உண்மையில் சமபடித்தானதாக இருந்தால், பிரதியிட்டதும் dy/dx-க்குச் சமமான கோவையில் v மட்டுமே எஞ்ச வேண்டும். எனக்கோ v/(1 + 2v³x²) என்று வந்தது. அந்த x² போகவே இல்லை. எங்கோ கணக்குப் பிழை செய்துவிட்டேன் என்று எண்ணி மூன்று முறை அடித்து எழுதினேன், அரை மணி நேரம் போயிற்று. பிழை கணக்கில் இல்லை, வகையில் இருந்தது. x-இன் படி 1, y³-இன் படி 3 என்று எழுதத் தொடங்கும் முன்பே பார்த்திருந்தால் அந்தப் பாதையில் கால் வைத்திருக்கவே மாட்டேன்.

அப்போது ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு நாள்தோறும் பேருந்தில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேனா பிடித்து எழுத முடியாது. ஆனால் கணக்கைப் பார்த்து யோசிக்கலாம். செராக்ஸ் கடையில் வாங்கிய பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக்கொண்டேன். வளைவுக்கு ஒரு சீட்டு. தீர்ப்பதில்லை, வகையையும் அதற்கான காரணத்தையும் மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். மாலையில் ஐந்தை மட்டும் முழுமையாகப் போட்டு, நான் சொன்ன வகை சரிதானா என்று பார்ப்பேன்.

ஒவ்வொரு சீட்டிடமும் கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டேன். முதலில், மாறிகளைப் பிரிக்க முடியுமா? இதற்குச் சற்றுச் சுருக்கிப் பார்க்க வேண்டும்; dy/dx = eˣ⁻ʸ + x²e⁻ʸ என்பது பார்வைக்கு மிரட்டினாலும், e⁻ʸ-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் உடனே பிரிந்துவிடும். அடுத்து, எல்லா உறுப்புகளின் படியும் சமமா? அதற்கடுத்து, y-யில் நேரியலா? அதுவும் இல்லை என்றால், x-இல் நேரியலா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை, ஏனென்றால் y-யைத்தான் சார்ந்த மாறியாக எப்போதும் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

மேலே சொன்ன கணக்கில் y³ இருப்பதால் அது y-யில் நேரியல் ஆகாது. ஆனால் x ஒரே ஒரு முறை, முதற்படியில் வருகிறது. தலைகீழாக எழுதுங்கள்:

dx/dy − x/y = 2y²

தொகையீட்டுக் காரணி 1/y. அதனால் பெருக்கினால் இடப்பக்கம் x/y என்பதன் வகைக்கெழுவாகவும், வலப்பக்கம் 2y ஆகவும் மாறும். தொகையிட்டால் x/y = y² + c, அதாவது x = y³ + cy. நான்கு வரிகள்தாம். இதற்குத்தான் அரை மணி நேரத்தைத் தொலைத்தேன்.

இது கணிதத்தைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்யும் குறுக்குவழி என்று சிலர் எழுதக்கூடும். காரணத்தைச் சொல்லாமல் வகையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டால் அவர்கள் சொல்வது சரியே. ஒரே சமன்பாடு இரண்டு வகையிலும் அடங்குவதும் உண்டு: dy/dx = (x + y)/x என்பது சமபடித்தானது, நேரியலும்கூட; எந்த வழியில் போனாலும் y = x log x + cx என்றே முடியும். எதிலும் அடங்காதவையும் சில உண்டு. dy/dx = (x + y + 1)² என்பதில் என் கேள்விகள் அனைத்துக்கும் 'இல்லை' என்றே விடை வரும்; அங்கே x + y + 1 = z எனப் பிரதியிட்ட பிறகுதான் மாறிகள் பிரியும். இத்தகைய சீட்டுகளைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரியர் கணக்கைத் தலைகீழாக்கும்போது y-யால் வகுக்கிறோம்; அதனால் y = 0 என்ற தீர்வு கை நழுவிவிடுகிறது. மூலச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள், அது பொருந்தும்; ஆனால் x = y³ + cy-யில் c-க்கு எந்த மதிப்புக் கொடுத்தாலும் அது கிடைக்காது. விடையின் கீழே அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.