'Successful' என்று வந்தும் அம்மாவால் பேச முடியவில்லை

"அண்ணா, ஷார்ஜா வந்து ரெண்டு மாசம் ஆகுது. ஊர் பேரணாம்பட்டு, வீட்டில் அம்மா மட்டும்தான். இங்கே என் சிம் கம்பெனி ஆப்பிலேயே இந்தியா நம்பருக்கு ரீசார்ஜ் அனுப்பலாம் என்று இருந்தது, 10 திர்ஹத்துக்குப் போட்டேன். 'Successful' என்று வந்தது. அம்மா போனிலும் மெசேஜ் வந்ததாம். ஆனால் அம்மாவால் யாருக்கும் பேச முடியவில்லை. என் பணம் எங்கே போச்சு?"

தம்பி, பணம் எங்கேயும் போகவில்லை. அம்மா நம்பரின் மெயின் பேலன்ஸில்தான் இருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது பேலன்ஸ் இல்லை, வேலிடிட்டி. நீங்கள் அனுப்பியது டாக்டைம். இந்த இரண்டும் வேறு வேறு என்று இங்கே உள்ள ஆப் எதுவும் எடுத்துச் சொல்வதில்லை.

எனக்கும் இதே நடந்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எனக்குக் குடியாத்தம். 2011இல் துபாய் வந்தேன். அப்போதெல்லாம் ஊரில் லைஃப்டைம் சிம்தான். 10 ரூபாய் போட்டுவிட்டால் போதும், இன்கமிங் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் மாதம் ஒரு தடவை அம்மா நம்பருக்கு இங்கிருந்து 100 ரூபாய் டாப்-அப் போட்டுக்கொண்டிருந்தேன். 2018 கடைசியில் இந்தியக் கம்பெனிகள் நடைமுறையை மாற்றின. நம்பர் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் வேலிடிட்டி உள்ள ஏதாவது ஒரு ரீசார்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆயிற்று. எனக்கு அது தெரியாது. 2019இல் மூன்று மாதம் அதே மாதிரி 100, 100, 100 என்று போட்டேன். ஒவ்வொரு தடவையும் பணம் போய்ச் சேர்ந்தது. முதலில் அம்மாவால் வெளியே பேச முடியவில்லை. சில நாளில் நான் போன் பண்ணினாலும் அங்கே ரிங் போகவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து அடித்துப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டு, போய்ப் பார்த்துவரச் சொன்னேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார். மகன் ஏன் போனே பண்ணவில்லை என்று அவர் அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா போனை பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னது: "பேலன்ஸ் 245 ரூபாய் இருக்குதும்மா, வேலிடிட்டிதான் இல்லை."

300 போட்டு 245 எப்படி ஆனது? டாக்டைம் ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளேயே அடக்கம். 100 ரூபாயில் வரியைக் கழித்தால் 84.75. அதில் பிராசஸிங் கட்டணம் 3 ரூபாய் போக 81.75. அந்த மூன்று மாதக் கணக்கு அப்படியே பொருந்தியது. அம்மா போனுக்கு வந்த மெசேஜைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பியதைவிடக் குறைவாக 81.75, 39 சொச்சம் போல உதிரித் தொகை இருந்தால் அது டாக்டைம். தேதியோ நாள் கணக்கோ அதில் இருந்தால்தான் திட்டம். ஏர்டெல் என்றால் *121# அடித்தால் பேலன்ஸும் வேலிடிட்டியும் தெரியும். ஜியோ என்றால் 1299க்கு ஒரு கால் கொடுத்தால் போதும், விவரம் மெசேஜாக வரும்.

சரி, இனி எப்படி அனுப்புவது. ஆப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து +91 நம்பரைப் போட்டதும் இரண்டு வகை காட்டும். ஒன்றில் வெறும் தொகை மட்டும் இருக்கும், அது Top-up. இன்னொன்று Bundle அல்லது Plan என்று இருக்கும். அதில் ஒவ்வொன்றின் கீழும் 28 Days, 84 Days என்று போட்டிருக்கும். நாள் போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். உங்கள் 10 திர்ஹம் முதல் வகையில் போயிருக்கிறது. கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

பட்டியலை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். இங்குள்ள கம்பெனிக்கும் இந்தியக் கம்பெனிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு இடைத்தரகு கம்பெனி இருக்கும். ஊரில் விலை மாறினால் இங்கே மாறக் கொஞ்ச நாள் ஆகலாம். 2024 ஜூலையில் எல்லாரும் விலை ஏற்றினார்கள், ஞாபகம் இருக்கும். அதற்கு முன் ஏர்டெல்லில் 299 என்றால் 28 நாளைக்குத் தினம் 1.5 ஜிபி. ஏறிய பிறகு அதே 1.5 ஜிபி 349 ஆகிவிட்டது, 299க்குத் தினம் 1 ஜிபிதான் கிடைத்தது. பழைய தொகையை மனதில் வைத்துப் போட்டவர்களுக்கு வேறு திட்டம் போய்ச் சேர்ந்தது. அதனால் பணம் கட்டும் முன் அம்மாவின் கம்பெனி தளத்தில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு, அதே தொகை, அதே நாள் கணக்கு இங்கேயும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேரணாம்பட்டு என்பதால் ஒன்று கேட்கிறேன். அம்மா சிம்மை எங்கே வாங்கினார்கள்? ஆப் சில சமயம் 'Circle' கேட்கும், அதாவது சிம் எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தது என்று. நம் பக்கம் ஆந்திர எல்லை. வி.கோட்டா, சித்தூர் போன இடத்தில் வாங்கிய சிம் என்றால் அது ஆந்திர வட்டத்து நம்பர், வீடு இந்தப் பக்கம் இருந்தாலும் வட்டம் மாறாது. இங்கேயே வாங்கியது என்றால் 'Tamil Nadu' போடுங்கள், 'Chennai' என்று தனியாகக் காட்டினால் அது நமக்கு இல்லை. இன்னொன்று, நம்பரின் முதல் நாலு இலக்கத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யாதீர்கள். அம்மா எப்போதாவது வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றியிருந்தால், ஆப் தானாகக் காட்டுவது பழைய கம்பெனியாக இருக்கலாம். ஒரு தடவை அம்மாவிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் விலை. இங்கிருந்து அனுப்பினால் மாற்று விகிதத்திலேயே அவர்கள் லாபம் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் தனியாகக் கட்டணம் என்று காட்ட மாட்டார்கள். நான் ஒரு தடவை கணக்குப் போட்டேன். 349 ரூபாய்த் திட்டத்துக்கு 18 திர்ஹம் காட்டியது. அன்றைக்கு 1 திர்ஹம் 23 ரூபாய், அதாவது 414 ரூபாய் கொடுத்தேன், 65 ரூபாய் கூடுதல். 28 நாள் திட்டமென்றால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போட வேண்டும், அத்தனை தடவையும் இந்தக் கூடுதல் உண்டு. அவசரத்துக்கு இந்த வழி நல்லது. ராத்திரியில் அம்மா போன் நின்றுவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம், நானும் இன்றைக்கும் அதற்கு வைத்திருக்கிறேன். மாதாமாதம் போட இது வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு திறந்ததும் அமீரக நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள முடியும். 2023இல் பத்து நாட்டு நம்பர்களுக்கு அதை அனுமதித்தார்கள், அதில் அமீரகமும் உண்டு. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அம்மா கம்பெனியின் தளத்திலேயே ரூபாயில், உள்ளூர் விலைக்கே போடலாம்.

அம்மா வைத்திருப்பது பட்டன் போனா? அப்படியென்றால் டேட்டாவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள திட்டங்கள் வந்தன. அந்த மாதக் கடைசியில் ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, ஒரு வருஷத்துக்கு 1849. ஜியோவில் 84 நாளைக்கு 448. என் அம்மாவுக்கு வருஷத் திட்டம்தான் போட்டு வைத்திருக்கிறேன், தேதியை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. என் ஆப்பின் பட்டியலில் இந்த வகை கண்ணில் படவில்லை, ஊரில் ஒருவரை வைத்துத்தான் போட்டேன். உங்களுக்கும் வராவிட்டால் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்குப் பணம் அனுப்பிப் போடச் சொல்லுங்கள்.

28 நாள் திட்டமே போடுவதென்றால் தேதியை எழுதி வையுங்கள். 1ஆம் தேதி போட்டால் 28ஆம் தேதி இரவோடு முடியும், அடுத்த மாதம் 1ஆம் தேதி வரை வராது. அங்கே நள்ளிரவு 12 என்றால் இங்கே 10.30தான். வேலை முடிந்து ரூமுக்கு வந்து பதினொன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே ஏற்கெனவே தேதி தாண்டியிருக்கும். ஜியோ என்றால் முன்கூட்டியே போட்டுவிடலாம், புதுத் திட்டம் வரிசையில் நின்று பழையது முடிந்ததும் ஓட ஆரம்பிக்கும்.

'Pending' என்று காட்டினால் பதறி மறுபடி அழுத்தாதீர்கள். இரண்டும் போய்விடக்கூடும். அம்மாவிடம் மெசேஜ் வந்ததா என்று கேட்டுவிட்டு, ரெஃபரன்ஸ் நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே புகார் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தவறான நம்பருக்குப் போய்ச் சேர்ந்த ரீசார்ஜை மட்டும் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். அதனால் நம்பரை எழுதி வைத்ததைப் பார்த்து அடிக்காமல், அம்மா உங்களுக்குப் பேசிய கால் லிஸ்டில் இருந்து எடுத்துப் போடுங்கள்.

இப்போது அங்கே கிடக்கும் பேலன்ஸ் வீணாகாது. திட்டம் போட்டதும் அது அப்படியே இருக்கும். ஆனால் அன்லிமிடெட் என்பது இந்தியாவுக்குள் பேசுவதற்கு மட்டும்தான். அம்மா உங்கள் ஷார்ஜா நம்பருக்கு நேரடியாகப் போட்டால் ஐஎஸ்டி கட்டணம் அந்தப் பேலன்ஸில் இருந்துதான் போகும், சீக்கிரமே கரைந்துவிடும். அவரை மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் இங்கிருந்து கூப்பிடுங்கள்.

இன்றைக்கே 28 நாள் திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, அம்மாவை யாருக்காவது ஒரு கால் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் போகவில்லை என்றால், அவர் போனுக்கு வந்த மெசேஜில் இருப்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.